மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துல, அதாவது கேட்ல தோத்தாச்சு, அடுத்து ஹைகோர்ட்டா சுப்ரீம் கோர்ட்டா? அப்புறம் இந்த தீர்ப்பாயம் எதுக்கு?

ஓய்வுகணக்கர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மத்திய அரசு ஆபீஸ் ஒண்ணுல குரூப் சி-ல வேலை பாத்து 2023 மே-ல ரிட்டயர் ஆனேன். ரிட்டயர் ஆக ரெண்டு மாசம் இருக்கும்போது, 2011-ல ப்ரொமோஷன் வராதவங்களுக்குத் தர்ற எம்ஏசிபி சம்பள உயர்வை எனக்குக் குடுத்தப்ப சம்பள நிர்ணயம் தப்பா போட்டுட்டோம், 12 வருஷமா அதிகமா வாங்கியிருக்கீங்கன்னு ஆர்டர் போட்டு, கிராஜுவிட்டில இருந்து 2,61,000 ரூபாய் புடிச்சுட்டாங்க. தப்பு போட்டது அவங்க, நான் ஒரு பேப்பர்லகூட எதையும் மறைக்கல. கேட்ல ஓ.ஏ.-ங்கற மனு போட்டேன், போன மாசம் தள்ளுபடி ஆயிடுச்சு. ஆர்டர் மொத்தம் நாலு பக்கம். அதுல மூணரை பக்கம் நாங்க சொன்னது, அவங்க சொன்னது. கடைசி அரைப் பக்கத்துல, இது பொதுப் பணம், அதிகமா வாங்கினதைத் திருப்பித்தான் ஆகணும், அவ்வளவுதான். எங்க வக்கீல் அடுக்கிச் சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பேர்கூட அதுல இல்ல. கூட வேலை பாத்தவர் ஒருத்தர் இனிமே நேரா டெல்லிதான், ஹைகோர்ட்டுக்கு இதுல அதிகாரமே இல்லைங்கறார். வக்கீல் ஹைகோர்ட்ல ரிட் போடலாம்ங்கறார். எது சரி? அப்படி ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும்னா ரெண்டு வருஷம் கேட்ல நான் எதுக்கு உக்காந்தேன்?

தென்காசித்தமிழன்:
உங்க நண்பர் சொல்றதுதான் சரி சார். எமர்ஜென்சி சமயத்துல அரசியலமைப்புக்கு 42-வது திருத்தம்னு கொண்டுவந்து, தீர்ப்பாயம் அமைக்க 323ஏ, 323பி சேர்த்தாங்க, அதுல ஹைகோர்ட் அதிகாரத்தை எடுத்துட்டாங்க. 1985 நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்துல 28-வது பிரிவும் அதையேதான் சொல்லுது, சுப்ரீம் கோர்ட் தவிர வேற எந்த கோர்ட்டும் சர்வீஸ் மேட்டரைத் தொடக்கூடாது. சம்பத்குமார் கேஸ்ல அஞ்சு நீதிபதிகள் இது செல்லும்னு சொல்லிட்டாங்க. நான் லா படிக்கும்போது நல்லா ஞாபகம் இருக்கு.

ரிட்_பக்கம்:
தென்காசித்தமிழன் சொன்னது 1997 மார்ச் வரைக்கும் சரி, அதுக்கு அப்புறம் சரியில்ல. நான் சர்வீஸ் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல ப்ராக்டிஸ் பண்றவ, கொஞ்சம் விவரமா எழுதறேன்.

சம்பத்குமார் தீர்ப்பு 1986 டிசம்பர். அதுல சொன்னது என்னன்னா, ஹைகோர்ட்டுக்குப் பதிலா ஒரு அமைப்பு வைக்கலாம், ஆனா அது ஹைகோர்ட் அளவுக்கு நம்பகமா, சுதந்திரமா இருக்கணும். அந்த நிபந்தனையை வச்சுத்தான் 28-வது பிரிவு அன்னிக்குத் தப்பிச்சுது. பத்து வருஷம் கழிச்சு அந்த நிபந்தனை நிறைவேறலைன்னு கோர்ட்டுக்கே தெரிஞ்சுபோச்சு, அப்பதான் எல். சந்திரகுமார் கேஸ் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போச்சு. 1997 மார்ச் 18 தீர்ப்பு. அரசியலமைப்புக் கூறுகள் 226, 227-ன் கீழ ஹைகோர்ட்டுக்கும் 32-ன் கீழ சுப்ரீம் கோர்ட்டுக்கும் இருக்கற சீராய்வு அதிகாரம் அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்புல ஒரு பகுதி, பார்லிமென்ட் திருத்தம் கொண்டுவந்தாக்கூட அதைப் பிடுங்க முடியாது. 28-வது பிரிவு அந்த அளவுக்குச் செல்லாது. தீர்ப்பாயம் ஹைகோர்ட்டுக்குத் துணையா இருக்கலாம், அதோட இடத்துல உக்கார முடியாது. கேட் ஆர்டர் எதுவா இருந்தாலும், அந்த ஏரியா ஹைகோர்ட்ல ரெண்டு நீதிபதி பெஞ்ச் முன்னாடி ரிட்டா போகலாம். அதுக்கு மேலதான் சுப்ரீம் கோர்ட்.

அதே சமயம் அந்தத் தீர்ப்பு இன்னொரு கதவையும் மூடிடுச்சு, அதைப் பலபேர் விட்டுடறாங்க. கேட்டைத் தாண்டிக் குதிச்சு நேரா ஹைகோர்ட்ல ரிட் போட முடியாது, சட்டமே செல்லாதுன்னு சொல்றதா இருந்தாக்கூட முதல்ல கேட்தான். கேட்டை உருவாக்கின சட்டத்தையே எதிர்த்தா மட்டும் நேரா ஹைகோர்ட். அதனால சார், உங்க ரெண்டு வருஷம் வீணா போகல, அந்தப் படி கட்டாயமா ஏறவேண்டிய படி.

கோட்டைப்பக்கம்:
நான் ஸ்டேட் கவர்ன்மென்ட். எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. 1988-ல தமிழ்நாட்டுக்கும் நிர்வாகத் தீர்ப்பாயம் வந்துச்சு, 2006-ல இழுத்து மூடிட்டாங்க, இருந்த கேஸ் எல்லாம் ஹைகோர்ட்டுக்கு மாறிடுச்சு. இப்ப நாங்க நேரா ஹைகோர்ட். ஒரிசாவுலயும் 2019-ல எடுத்துட்டாங்க, அதை எதிர்த்து அங்க இருந்த வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2023-ல தோத்தாங்க, தீர்ப்பாயம் வச்சே ஆகணும்னு 323ஏ கட்டாயப்படுத்தலைன்னு சொல்லிட்டாங்க. கேட்டையும் எடுத்துட்டா முடிஞ்சுது, ஒரு படி மிச்சம்.

ஃபைல்_நோட்டிங்:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் பே ஃபிக்ஸேஷன் செக்ஷன்ல 30 வருஷம் இருந்தவன். ஹைகோர்ட்ல ஒரே நாள்ல கிரிமினல், நிலம், வரி, சர்வீஸ்னு நூறு கேஸ் லிஸ்ட்ல இருக்கும், அங்க எம்ஏசிபி-க்கும் ப்ரொமோஷனுக்கும் வித்தியாசம் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியை யார் தருவா? கேட்ல ஒரு ஜுடிஷியல் மெம்பர், ஒரு அட்மினிஸ்ட்ரேட்டிவ் மெம்பர். இந்த ரூல் எப்படி வந்துச்சு, ஃபைல் எந்த டேபிள்ல தப்பாச்சுன்னு அட்மினிஸ்ட்ரேட்டிவ் மெம்பருக்குச் சொல்லாமலே தெரியும். ஓ.ஏ. போடற செலவும் கம்மி, வக்கீல் வைக்காம நாமே வாதாடலாம். எனக்குத் தெரிஞ்சு ஒரு கிளார்க் அம்மா தானே ஆஜராகி குடும்பப் பென்ஷன் வாங்கினாங்க. வருமான வரித் தீர்ப்பாயம் 1941-ல இருந்து ஓடுது, கணக்குல அது சொன்னா முடிஞ்ச மாதிரிதான், பெரிய சட்டக் கேள்வி இருந்தா மட்டும்தான் ஹைகோர்ட். அதை யாரும் குறை சொல்லலியே.

ரிட்_பக்கம்:
ஃபைல்_நோட்டிங் சொல்ற நிபுணத்துவம் உண்மை, நானே அதனால ஜெயிச்சிருக்கேன். ஆனா அதே அட்மினிஸ்ட்ரேட்டிவ் மெம்பருக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 35 வருஷம் அரசாங்கத்துல இருந்து ஃபைல்ல கையெழுத்துப் போட்டவர், ரிட்டயர் ஆன உடனே அதே அரசாங்கம் எதிர்மனுதாரரா இருக்கற கேஸை விசாரிக்கிறார். அவர் நேர்மையானவரா இல்லையாங்கறது கேள்வி இல்ல, பலபேர் ரொம்ப நேர்மையா இருந்திருக்காங்க. யார் அவரைத் தேர்ந்தெடுக்கறா, எத்தனை வருஷத்துக்கு, மறுபடியும் பதவி வேணும்னா யார்கிட்ட போய் நிக்கணும், ஸ்டெனோவும் ரூமும் யார் தர்றா, இந்த நாலுலதான் சுதந்திரம் இருக்கு. கேட்டுக்குப் பொறுப்பான நோடல் துறை எது? பணியாளர் துறை. அரசு ஊழியர் விதிகளை எழுதற துறையும் அதுதான், கேட்ல பாதி கேஸ்ல எதிர்மனுதாரரும் அதுதான்.

கடன்பட்டநெஞ்சம்:
நானும் தீர்ப்பாயத்துல மாட்டிக்கிட்டு இருக்கேன் அதான் எழுதறேன், என்னுது கேட் இல்ல, கடன் வசூல் தீர்ப்பாயம், டிஆர்டி. ஒரு பேங்க்ல தொழில் கடன், ரெண்டு தவணை தவறினதுல நோட்டீஸ், அப்புறம் வீட்டு மேல கைவச்சாங்க, சர்ஃபேசி சட்டம் 17-வது பிரிவுல எஸ்.ஏ.-ங்கற மனு போட்டேன், போட்ட அன்னிக்கு எங்க பெஞ்சுல ப்ரிசைடிங் ஆபீசரே கிடையாது, டேர்ம் முடிஞ்சு போயிட்டார், புது ஆள் வரல, வேற ஊர் டிஆர்டி ஆபீசருக்கு கூடுதல் பொறுப்பு குடுத்திருந்தாங்க, அவர் வாரத்துல ரெண்டு நாள் வீடியோல உக்காருவார், அந்த ரெண்டு நாளும் லிஸ்ட் கடல் மாதிரி. ஏலத் தேதி பதினெட்டாம் தேதி, என் கேஸ் இருபத்தினாலாம் தேதிக்குப் போட்டிருந்தாங்க. ரெஜிஸ்ட்ரில போய் அழுதேன், நாங்க என்ன பண்றதுன்னாங்க. கடைசில ஹைகோர்ட்ல ரிட் போட்டு, டிஆர்டி விசாரிக்கற வரைக்கும் ஏலத்தை உறுதி செய்யக்கூடாதுன்னு ஒரு ஆர்டர் வாங்கினேன், அதுக்கும் பாதிப் பணத்தைக் கட்டச் சொன்னாங்க, நகையை வித்துக் கட்டினேன். இந்த வேலைக்கு ஆள் போடாம வச்சிருக்கறதுக்கு யார் பொறுப்பு?

தென்காசித்தமிழன்:
நீங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான டிஆர்ஏடி போயிருக்கலாமே, அப்பீல் அங்கதானே?

கடன்பட்டநெஞ்சம்:
அப்பீல் போக ஒரு ஆர்டர் வேணுமே சார். ஆர்டரே போடாதப்ப எதை எதிர்த்து அப்பீல்? அதோட அங்க கடன் வாங்கினவன் போனா பாதித் தொகை முன்கூட்டியே கட்டணும், கெஞ்சிக் கேட்டா கால்வாசி வரைக்கும்தான் குறைப்பாங்க.

ரிட்_பக்கம்:
கடன்பட்டநெஞ்சம் சொன்னதுதான் இந்த விஷயத்தோட நடுமையம்னு நான் நினைக்கிறேன். சீராய்வு அதிகாரத்தை எடுத்தா என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில், தீர்ப்பாயத்துல நாற்காலி காலியா இருக்கற அன்னிக்கு அந்த மனுஷனுக்கு 226 தவிர வேற கதவே இல்ல.

நாற்காலி ஏன் காலியாச்சுங்கறதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட இழுபறி இருக்கு. அதுல முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நின்னது நம்ம ஊர் மெட்ராஸ் பார் அசோசியேஷன். கம்பெனி லா தீர்ப்பாயத்தை எதிர்த்துப் போட்டதுல 2010-ல தீர்ப்பு, ஹைகோர்ட் வேலையை மாத்தினா ஹைகோர்ட் அளவு தகுதியும் பாதுகாப்பும் உள்ள ஆளைத்தான் போடணும்னு சொன்னாங்க. தேசிய வரித் தீர்ப்பாயம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, ஹைகோர்ட்டோட வரி அப்பீலையே மொத்தமா அதுக்கு மாத்தற சட்டம், 2014-ல அந்தச் சட்டமே செல்லாதுன்னு ஆச்சு. அதுக்கப்புறம் 2017-ல ஃபைனான்ஸ் ஆக்ட் வழியா எல்லாத் தீர்ப்பாயத்தோட நியமன விதியையும் அரசாங்கம் தன் கைக்குக் கொண்டுவந்துச்சு, பதவிக்காலம் மூணு வருஷம்னு விதி போட்டாங்க. 2019 நவம்பர்ல ரோஜர் மாத்யூ கேஸ்ல அந்த விதியெல்லாம் அடிபட்டுச்சு. மறுபடி புது விதி, நாலு வருஷம். 2020 நவம்பர்ல கோர்ட் அஞ்சு வருஷம்னு சொல்லுது, பத்து வருஷ அனுபவம் உள்ள வக்கீலும் வரலாம்னு சொல்லுது. 2021 ஏப்ரல்ல அவசரச் சட்டம், மறுபடியும் நாலு வருஷம், 50 வயசு ஆகியிருக்கணும்னு ஒண்ணையும் சேர்த்து. ஜூலை 14-ல அது 2:1-ல அடிபடுது. ஆகஸ்ட்ல அதே நாலு வருஷம், அதே 50 வயசை வச்சு தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டம்னு பாஸ் பண்றாங்க. கடைசியா 2025 நவம்பர் 19-ல தலைமை நீதிபதி கவாய் பெஞ்ச் அந்தப் பிரிவுகளையும் செல்லாதுன்னு சொல்லி, நாலு மாசத்துக்குள்ள தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்கச் சொல்லுது.

கோட்டைப்பக்கம்:
நாலுக்கும் அஞ்சுக்கும் ஒரு வருஷம்தானே வித்தியாசம், அதுக்கா இத்தனை சண்டை?

ரிட்_பக்கம்:
ஒரு வருஷம்னு பாக்காதீங்க. 45 வயசுல நல்லா ப்ராக்டிஸ் ஓடற ஒரு வக்கீல், ஆபீஸை மூடிட்டு, கட்சிக்காரங்களை விட்டுட்டு, நாலு வருஷத்துக்கு வருவாரா? முடிஞ்சு வெளிய வரும்போது யாரும் இருக்க மாட்டாங்க, மறு நியமனம் வேணும்னா அரசாங்கத்தைத்தான் பாக்கணும். அதுல 50 வயசு ஆனவர்தான் வரலாம்னா, யார் மிச்சம்? ரிட்டயர் ஆனவங்க, ஆகப்போறவங்க. பதவிக்காலமும் வயசும் சேர்ந்துதான் அங்க யார் உக்காரணும்னு தீர்மானிக்குது. இன்னொண்ணு, 2021 சட்டத்துல தேர்வுக் குழு ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் சிபாரிசு பண்ணணும், அதுல ஒருத்தரை அரசாங்கம் எடுத்துக்கும்னு இருந்துச்சு. குழுத் தலைவரா நீதிபதி இருந்து என்ன, கடைசித் தேர்வு கேஸ்ல ஒரு தரப்பா நிக்கறவங்க கைல.

ஃபைல்_நோட்டிங்:
ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கறது நிர்வாகத்தோட உரிமை மேடம், யார் மேல விஜிலென்ஸ் கேஸ் இருக்குன்னு அரசாங்கத்துக்குத்தான் தெரியும். பார்லிமென்ட் போட்ட சட்டத்தை நீதிபதிகள் நியமனம்னு வரும்போது மட்டும் திரும்பத் திரும்ப அடிக்கறதும் எனக்குச் சரியாப் படல. 2021-லயே ஒரு நீதிபதி மாத்தித்தானே எழுதினார்.

ரிட்_பக்கம்:
எழுதினார், அந்த வாதத்துக்கு எடை இருக்கு, பதவிக்காலம் எவ்வளவுன்னு சொல்றது கோர்ட் வேலையா பார்லிமென்ட் வேலையாங்கறதுல எனக்கே முழுத் தெளிவு கிடையாது. விஜிலென்ஸ் ரிப்போர்ட் வேணும்னா தேர்வுக் குழு முன்னாடி வச்சா அவங்களே பாத்து முடிவு பண்ணுவாங்க, அதுக்காக ரெண்டாவது பேர் வேண்டியதில்லைன்னு மட்டும் சொல்வேன்.

எல்லைவீரன்:
ராணுவத் தீர்ப்பாயத்துக்கும் இது பொருந்துமா? எங்க அண்ணன் ஊனமுற்றோர் பென்ஷன் கேஸ் ஏஎஃப்டி-ல தோத்துப்போய் அப்படியே விட்டுட்டார், ஹைகோர்ட் போக முடியாதுன்னு சொன்னாங்க.

ரிட்_பக்கம்:
எப்ப தோத்தார்னு பாருங்க. 2015-ல ஸ்ரீகாந்த் சர்மா கேஸ்ல, சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் இருக்கும்போது ஹைகோர்ட் ரிட்டை எடுக்கக்கூடாதுங்கற மாதிரி சொல்லிட்டாங்க, அதனால எத்தனையோ ஜவான்கள் திரும்பிப் போனாங்க, ஏன்னா அந்த அப்பீலும் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தாத்தான். பென்ஷன் சதவீதத்துல என்ன பொது முக்கியத்துவம் இருக்கு? 2023-ல பரசோத்தம் தாஸ் கேஸ்ல அதைச் சரி பண்ணி, 226 அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்க. ரொம்ப வருஷம் ஆயிருந்தா தாமதத்துக்குக் காரணம் சொல்லணும், பேப்பரை எடுத்துட்டு ஒரு வக்கீலைப் பாருங்க.

ஓய்வுகணக்கர்:
இவ்வளவு விவரம் சொன்னதுக்கு நன்றி மேடம். அப்ப ஹைகோர்ட்ல ரிட் போட்டா ஜெயிச்சிருவேனா? ரஃபீக் மசீஹ் தீர்ப்பைத்தான் எங்க வக்கீல் கேட்ல சொன்னார்.

தென்காசித்தமிழன்:
கண்டிப்பா ஜெயிப்பீங்க சார். 2014 டிசம்பர் தீர்ப்பு, குரூப் சி, டி ஊழியர்கிட்டயும் ரிட்டயர் ஆக ஒரு வருஷத்துக்குள்ள இருக்கறவங்ககிட்டயும் வசூல் பண்ணக்கூடாது. அஞ்சு வருஷத்துக்கு மேல குடுத்துட்டு வந்ததையும் வசூல் பண்ணக்கூடாது. உங்களுக்கு மூணுமே பொருந்துது. 2016 மார்ச்ல பணியாளர் துறையே இதை சர்க்குலரா போட்டாச்சு.

ரிட்_பக்கம்:
இந்தத் தடவை தென்காசித்தமிழன் சொன்ன சட்டம் சரி, ஆனா "கண்டிப்பா" வேண்டாம். சார், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அதிகமா குடுத்திருந்தா திருப்பித் தர்றேன்னு எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா? 2016-ல ஜக்தேவ் சிங் கேஸ்ல, அப்படி எழுதிக்குடுத்தவர் ரிட்டயர் ஆனவரா இருந்தாலும் அவர்கிட்ட வசூல் பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. அவர் பெரிய பதவில இருந்தவர், உங்களுக்கு அது அப்படியே ஒட்டுமாங்கறது வேற, ஆனா டிபார்ட்மென்ட் வக்கீல் முதல்ல எடுக்கறது அதைத்தான்.

அப்புறம் ரிட்ல என்ன எதிர்பாக்கலாம்னு புரிஞ்சுக்கோங்க, இது அப்பீல் இல்ல. சம்பளக் கணக்கை மறுபடி போட்டு ஹைகோர்ட் பாக்காது. கேட் தன் அதிகாரத்தைத் தாண்டுச்சா, உங்களைக் கேக்காம முடிவு பண்ணுச்சா, கட்டுப்படுத்தற தீர்ப்பைப் பாக்காம விட்டுச்சா, காரணமே சொல்லாம விட்டுச்சா, அதைத்தான் பாக்கும். உங்க கேஸ்ல கடைசி ரெண்டுக்கும் அந்த அரைப் பக்கமே சாட்சி. ஓ.ஏ.-ல அந்தத் தீர்ப்பைச் சொன்ன பாராவையும் கேட் ஆர்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க. பெஞ்ச் ரெண்டுல ஒண்ணு செய்யும், அதுவே தீர்ப்பு சொல்லும், இல்ல மறுபடி கேட்டுக்கே அனுப்பும். திருப்பி அனுப்பினா இன்னொரு ஒண்ணு ரெண்டு வருஷம், அதை மனசுல வச்சுக்கோங்க. கேட்லயே ரிவ்யூ போட ஆர்டர் கைக்கு வந்ததுல இருந்து 30 நாள்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியற பிழைக்கு மட்டும், உங்களுக்கு அது தாண்டிப்போயிருக்கும். ரிட்டுக்கு அப்படிக் கெடு இல்ல, ஆனா மாசக்கணக்கா தள்ளாதீங்க.

ஓய்வுகணக்கர்:
நேத்து ராத்திரி பூரா பீரோவுல தேடினேன். 2008-ல ஆறாவது சம்பள கமிஷன் ஆப்ஷன் ஃபார்ம் நகல் கிடைச்சுது. கீழ சின்ன எழுத்துல, அதிகமா குடுத்தது பின்னாடி தெரிஞ்சா திருப்பிச் செலுத்துவேன்னு அச்சாகியிருக்கு, அதுக்குக் கீழ என் கையெழுத்து. அன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் வரிசைல நின்னு போட்டது. 2011 எம்ஏசிபி அப்ப எதுவும் எழுதிக்குடுக்கல, அந்த ஆர்டர் நகலும் இருக்கு.

ஃபைல்_நோட்டிங்:
அந்த ஃபார்ம் 2006-ல இருந்து அரியர்ஸ் நிர்ணயிச்சதுக்கு வாங்கினது. 2011 நிர்ணயத்துக்கு அது பொருந்தாது. செக்ஷன்ல இருந்தவன்கற முறைல சொல்றேன், ரெண்டும் வேற வேற ஆர்டர், வேற வேற ஃபைல். இதுல நான் உங்க பக்கம் சார்.

ரிட்_பக்கம்:
அந்த வாதம் நிக்கும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா "இந்த விதிகளின் கீழ்"னு அதுல வார்த்தை இருக்கா, "எந்த ஒரு கூடுதல் தொகையும்"னு பொதுவா இருக்கான்னு பாருங்க. பொதுவா இருந்தா எதிர்த்தரப்பு அதைப் பிடிச்சுக்குவாங்க, அதுல ஒவ்வொரு பெஞ்சும் ஒவ்வொரு மாதிரி போயிருக்கு. எதுவா இருந்தாலும் அந்த ஃபார்மை மறைக்காதீங்க, ரிட் அஃபிடவிட்லயே நீங்களே சொல்லிடுங்க.

ஓய்வுகணக்கர்:
ரெண்டு வரி மடிப்புல அழிஞ்சுபோயிருக்கு மேடம், பூதக்கண்ணாடி வச்சும் படிக்க முடியல. ஆபீஸ்ல ஒரிஜினல் சர்வீஸ் புக்கோட இருக்கும், திங்கக்கிழமை ஆர்டிஐ போடறேன். கிடைச்சதும் இங்கயே வந்து சொல்றேன்.

கடன்பட்டநெஞ்சம்:
சார் ஆர்டிஐ பதில் வர 30 நாள் ஆகும், அதுக்காக ரிட்டை நிறுத்தி வைக்காதீங்க. எங்க டிஆர்டி-ல இன்னும் ஆள் வரல.